புது ஏஜென்சியின் முதல் மூன்று மாதம்: புதுக்கடையில் போட்டுப் பார்த்த கணக்கு

ஒரு கம்பெனி புது ஊரில் ஏஜென்சி கொடுத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். முன்பணம் கட்டியதும் முதல் லோடு குடோனில் இறங்கும். மறுநாள் காலை கம்பெனி ஆபீசர் வருவார். சேல்ஸ்மேன்களிடம் ஆளுக்கொரு விலைப்பட்டியலைக் கொடுத்து, "இந்தக் குவார்ட்டருக்கு 9 லட்சம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார். சரக்கைப் பற்றிய பயிற்சி அந்த விலைப்பட்டியலோடு முடிந்தது. மூன்று மாதத் திட்டம் அந்த ஒற்றை எண்ணோடு முடிந்தது. அதற்குப் பிறகு மாதக் கடைசியில் அவசர அவசரமாகப் பில் போடுவதும், அடுத்த மாதம் அதே சரக்கு ரிட்டர்னாகத் திரும்புவதும் வழக்கமாகிவிடும்.

முதல் மூன்று மாதத்தை வேறு விதமாக அமைக்க முடியும். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. விற்பவருக்குச் சரக்கை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வேண்டும். டார்கெட்டைக் கடைகளிலிருந்து கூட்டிக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே உள்ள புதுக்கடையை வைத்துப் பார்ப்போம். கணக்கில் வரும் ஏஜென்சியும் அதன் எண்களும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊரும் பருவமும் சட்டமும் உண்மையானவை.

ஊரும் சரக்கும்

ஏஜென்சிக்காரர் ஏற்கெனவே பிஸ்கட்டும் சோப்பும் விற்பவர். அவரிடம் இரண்டு சேல்ஸ்மேன்கள், ஒரு டெலிவரி வண்டி. இப்போது அரிசிமாவும் மசாலாவும் செய்யும் ஒரு கம்பெனியின் சரக்கைப் புதிதாக எடுக்கிறார்: புட்டுமாவு, இடியாப்பமாவு, மீன் மசாலா, மிளகாய்த்தூள், மல்லித்தூள். ஆரம்பம் ஏப்ரல் மாதம்.

இந்தச் சரக்குக்கு இது நல்ல ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் பகுதியாக இருந்த மாவட்டம் இது. காலையில் புட்டும் ஆப்பமும் இங்கே விருந்துக்கு மட்டும் செய்வதல்ல, அன்றாடச் சாப்பாடு. ஆனால் அதுவே சிக்கலும்கூட. புட்டுக்கு மாவு எப்படி இருக்க வேண்டும் என்று இந்த ஊர் வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். அரிசியை ஊறவைத்து, மில்லில் கொடுத்துப் பொடித்து, வீட்டில் வறுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆகவே இங்கே பாக்கெட் மாவுக்கு முதல் போட்டியாளர் இன்னொரு கம்பெனி அல்ல, தெருமுனை மாவு மில். இதைத் தெரிந்துகொள்ளாத சேல்ஸ்மேன், "எங்க மாவு நல்ல மாவு" என்பதைத் தாண்டி வேறு எதுவும் சொல்ல முடியாமல் நிற்பார்.

முதல் நாள் அடுப்படியில்

சரக்குப் பயிற்சி லோடு இறங்குவதற்கு முந்தின வாரமே தொடங்க வேண்டும். முதல் நாளின் வேலை, சேல்ஸ்மேன்கள் தங்கள் கையால் புட்டு அவிப்பது. ஏஜென்சி வீட்டு அடுப்படியே போதும். கம்பெனி ஆபீசர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

புட்டுமாவு கொரகொரப்பாக, வறுத்ததாக இருக்கும். இடியாப்பமாவு நைசாக இருக்கும். பாக்கெட் மாறினால் வீட்டில் காலைச் சாப்பாடு கெடும், பழி கடைக்காரர் தலையில் விழும். ஆகவே இரண்டு மாவையும் விரலிடையே தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லும்வரை பழக வேண்டும்.

அடுத்தது நீர். உப்பு கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து மாவைப் பிசிறுகிறோம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டைபோல் கையில் நிற்க வேண்டும். அதையே விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். நீர் கூடினால் குழாயிலிருந்து கட்டியாக விழும். குறைந்தால் வெந்த பிறகும் வறண்டு தொண்டையில் அடைக்கும். சேல்ஸ்மேன் இந்த மூன்று விதமாகவும் ஒவ்வொரு குழாய் அவித்துப் பார்க்க வேண்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டாம் வாரம் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், "உங்க மாவு புட்டு கல்லுமாதிரி இருக்குன்னு ஒரு அக்கா திருப்பிக் கொண்டுவந்தாங்க" என்பார். சமைத்துப் பார்க்காத சேல்ஸ்மேன் ஆபீசருக்குப் போன் அடிப்பார், இல்லாவிட்டால் ரிட்டர்ன் எழுதுவார். சமைத்துப் பார்த்தவர், "அண்ணே, தண்ணி கூடிப்போச்சு. பிடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும், அதுவரைக்கும் தெளிச்சாப் போதும்னு அக்காகிட்டச் சொல்லுங்க" என்பார். பெரும்பாலான புகார் இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். அந்த வரியைக் கடைக்காரரும் கற்றுக்கொள்வதால், அடுத்த வாடிக்கையாளருக்கு அவரே சொல்லுவார். உள்ளபடியே மாவில் கோளாறு இருந்தால் அதையும் சமைத்தவரால்தான் பிரித்தறிய முடியும். ஒரே தொகுதி எண்ணுள்ள பாக்கெட்டைப் பற்றி மூன்று கடையில் ஒரே புகார் வந்தால், அது நீர்க் குறை அல்ல, மாவுக் குறை. அந்தத் தொகுதியை நிறுத்தி வைத்துக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.

மீன் மசாலாவுக்கும் இதே முறைதான். தேங்காய் அரைத்த குழம்பில் ஒருமுறை, அரைக்காத குழம்பில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் குழம்புக்குத் தேங்காய் சேர்க்காத வீடு குறைவு. தேங்காய் சேர்ந்ததும் காரம் அடங்கும். பாக்கெட்டின் பின்பக்க அளவு தேங்காய்க் குழம்புக்குப் போதுமா, அரைக் கரண்டி கூட வேண்டுமா என்பதைச் சேல்ஸ்மேன் நாக்கில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள்: லேபிளும் குடோனும்

இரண்டாம் நாள் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தொகுதி எண், தயாரித்த தேதி, எவ்வளவு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, புகாருக்கான முகவரி ஆகியவற்றைப் பார்க்காமலே சொல்லத் தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையில் கேள்வி கேட்டால், பதில் தெரியாமல் திணறுவது கடைக்காரர். அடுத்த வாரமே அவர் அந்தச் சரக்கை வேண்டாம் என்பார். உணவுப் பொருளை மொத்தமாக வைத்து விற்கும் ஏஜென்சிக்கும் சொந்தமாகப் பதிவோ உரிமமோ வேண்டும். கம்பெனியின் எண் ஏஜென்சிக்குச் செல்லாது.

பில்லில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "மில்லுல அரைச்ச மாவுக்கு வரி இல்ல, இதுக்கு மட்டும் எதுக்கு?" 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய மாவுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அடைக்காமல் சில்லறையாக நிறுத்து விற்கும் மாவுக்கு இல்லை. இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும்.

குடோன் பாடம் இந்தச் சரக்குக்கு மிக முக்கியம். மாவு மணத்தை இழுக்கும். அதே குடோனில் சோப்பும் ஊதுபத்தியும் இருக்கின்றன. மாவுப் பெட்டிக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி இரண்டு வாரம் இருந்தால், புட்டில் சோப்பு வாடை வரும். ஆகவே குடோனில் தனி மூலை, வண்டியிலும் தனி அடுக்கு. பெட்டிகள் தரையில் இருக்கக் கூடாது, மரப்பலகைமேல் இருக்க வேண்டும். சுவரிலிருந்தும் ஒரு கை இடைவெளி வேண்டும். ஜூன் மாதம் மழை தொடங்கினால் சுவர் ஈரம் முதலில் அட்டைப்பெட்டியில் ஏறும். பாக்கெட்டின் மேல் ஊசித் துளை இருக்கிறதா, உள்ளே மாவு நூல் கோத்ததுபோல் ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பது வண்டையும் பூச்சியையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி. முதலில் காலாவதியாகும் சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். முதலில் வந்தது எது என்று மட்டும் பார்த்தால் போதாது. சில நேரம் பின்னால் வந்த லோடில் பழைய தேதி இருக்கும்.

மூன்றாம் நாள்: கடைக்காரரின் லாபம்

சேல்ஸ்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்குகளில் கடைக்காரரின் கணக்குதான் முதலாவது. அரைக்கிலோ புட்டுமாவின் அதிகபட்ச விலை 60 ரூபாய், கடைக்கு வரியோடு 52 ரூபாய் என்று வைப்போம். பாக்கெட்டுக்கு 8 ரூபாய் லாபம். போட்ட 52 ரூபாய்க்கு அது 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

இப்போது கம்பெனி ஒரு ஸ்கீம் தருகிறது: 12 வாங்கினால் 1 சும்மா. 624 ரூபாய்க்கு 13 பாக்கெட். ஒரு பாக்கெட்டின் அடக்கம் 48 ரூபாயாக இறங்குகிறது, லாபம் 12 ரூபாயாக ஏறுகிறது. அதாவது 25 விழுக்காடு. சேல்ஸ்மேனுக்கு இதைச் சொல்லி விற்பது எளிது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

வாரத்துக்கு 3 பாக்கெட் போகும் கடையில் 13 பாக்கெட் நாலரை வாரத்தில் தீரும். அந்தக் கடைக்கு ஸ்கீம் நல்லது. வாரத்துக்கு 1 பாக்கெட் போகும் பெட்டிக்கடையில் அதே 13 பாக்கெட் மூன்று மாதம் கிடக்கும். மாவின் ஆயுள் 4 மாதம், குடோனுக்கு வரும்போதே 1 மாதம் கழிந்துவிட்டது என்றால், கடைசிப் பாக்கெட்டுகள் காலாவதி நாளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள், அவர் திருப்பித் தருவார், 25 விழுக்காடு லாபம் என்று சொன்ன சேல்ஸ்மேனை அதன் பிறகு நம்பவும் மாட்டார். அந்தக் கடைக்குச் சரியான ஆர்டர் ஸ்கீம் இல்லாமல் 4 பாக்கெட். எந்தக் கடைக்கு ஸ்கீமைச் சொல்ல வேண்டும், எந்தக் கடைக்குச் சொல்லக் கூடாது என்பதே மூன்றாம் நாள் பாடம். புட்டுமாவு, இடியாப்பமாவு, மசாலா எல்லாவற்றையும் கலந்து 12 எடுத்தாலும் ஸ்கீம் உண்டு என்று கம்பெனியிடம் பேசி வாங்கிவிட்டால், சின்னக் கடைக்கும் நியாயம் கிடைக்கும். இதை ஏஜென்சிக்காரர் ஒப்பந்தம் போடும் நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

நான்காம் நாள் முதல்: லைனில்

அடுத்த மூன்று நாள் கம்பெனி ஆபீசரும் சேல்ஸ்மேனும் சேர்ந்தே லைனுக்குப் போக வேண்டும். முதல் நாள் ஆபீசர் பேசுவார், சேல்ஸ்மேன் கேட்பார். இரண்டாம் நாள் கடை மாற்றிக் கடை. மூன்றாம் நாள் சேல்ஸ்மேன் மட்டுமே பேச வேண்டும்; ஆபீசர் வாய் திறக்காமல் குறித்துக்கொண்டு, மாலையில் பேச வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. பிஸ்கட் விற்றுப் பழகிய சேல்ஸ்மேன் பிஸ்கட் ஆர்டரைத்தான் முதலில் எழுதுவார். கடைக்காரர் அந்த வாரம் ஒதுக்கிய பணம் அதில் முடிந்துவிடும். கடைசியில் எழுந்துகொண்டே, "மாவு ஏதாவது வேணுமா அண்ணே?" என்று கேட்டால், "அடுத்த வாரம் பாப்போம்" என்ற பதில் நிச்சயம். முதல் மூன்று மாதம் புதுச் சரக்கைத்தான் முதலில் பேச வேண்டும். அதுவும் கேள்வியாகக் கேட்காமல், அலமாரியைப் பார்த்துவிட்டு எண்ணோடு சொல்ல வேண்டும்: "அண்ணே, புட்டுமாவு 2 பாக்கெட்தான் பாக்கி இருக்கு, 4 எழுதுறேன்." ஆர்டர் எழுதும் முன் அலமாரியைப் பார்ப்பது கட்டாயம். பாக்கி இருப்பு, தேதி, பக்கத்தில் எந்தக் கம்பெனிச் சரக்கு என்ற மூன்றையும் பார்க்காமல் எழுதிய ஆர்டர் ஊகம்தான்.

இந்த நாட்களிலேயே கடைக் கணக்கெடுப்பும் முடிய வேண்டும். புதுக்கடைப் பஜார், கருங்கல், முஞ்சிறை, காப்புக்காடு, பைங்குளம், நித்திரவிளை, கொல்லங்கோடு என்று உள்நாட்டு ஊர்களில் 9 லைன். தேங்காப்பட்டணம், இனயம், தூத்தூர் என்று கரையோரத்தில் 3 லைன். ஒரு லைனுக்கு 30 கடை வீதம் மொத்தம் 360 கடை. இரண்டு சேல்ஸ்மேன்களுக்கு ஆளுக்கு 6 லைன். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு கடைக்கும் அதே கிழமையில் போவார்கள். கிழமை மாறக் கூடாது. செவ்வாய்க்கிழமை வருவார் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் அவருக்குப் பணம் எடுத்து வைப்பார்.

கொல்லங்கோடு லைனுக்கு ஓர் எல்லை உண்டு. சில கிலோமீட்டரில் கேரளம் வந்துவிடும். அந்தப் பக்கக் கடைக்காரர் ஒருவர் கேட்டாலும் பில் போடக் கூடாது. அது வேறு ஏஜென்சியின் ஏரியா, வரியும் வேறு வகையில் போட வேண்டும், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். எல்லை தாண்டிப் போட்ட ஒரு பெரிய பில் அந்த மாத டார்கெட்டை முடித்துவிடும். ஆனால் அடுத்த மாதம் அந்த ஊர் ஏஜென்சியின் புகாரும் சேர்ந்து வரும்.

டார்கெட் எங்கிருந்து வருகிறது

இப்போது எண்ணுக்கு வருவோம். ஆபீசர் சொன்ன 9 லட்சம் எப்படி வந்தது? மாவட்டத்தின் டார்கெட்டை ஏஜென்சிகளின் எண்ணிக்கையால் வகுத்து வந்திருக்கும். அதில் புதுக்கடையின் ஒரு கடைகூட இல்லை. நாம் கடையிலிருந்து தொடங்குவோம்.

ஏப்ரல் மாதம் 360 கடையில் 40 விழுக்காடு, அதாவது 144 கடை, இந்தச் சரக்கை வாங்கினால் அது நல்ல தொடக்கம். புதுச் சரக்கு என்பதால் கடைக்கு மாதம் சராசரி 700 ரூபாய். மொத்தம் 1,00,800 ரூபாய். மே மாதம் 198 கடை, சராசரி 900 ரூபாய். மொத்தம் 1,78,200 ரூபாய். ஜூன் கணக்கைக் கீழே தனியாகப் பார்ப்போம். அது 2,34,900 ரூபாய் வருகிறது. மூன்றும் சேர்ந்து 5,13,900 ரூபாய். 9 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பே ஏஜென்சிக்காரரும் ஆபீசரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஜூன் கடைசியில் பேசினால் அது வாக்குவாதமாகத்தான் முடியும்.

சேல்ஸ்மேனிடம் லட்சக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு அன்றைய எண் வேண்டும். மாதத்துக்கு 26 வேலைநாள், இரண்டு பேர், ஆக 52 ஆள்நாள். ஒரு நாளைக்கு 30 கடையில் 6 கடை இந்தச் சரக்குக்குப் பில் ஆனால் மாதம் 312 பில். ஒவ்வொன்றும் சராசரி 320 ரூபாய் என்றால் ஏப்ரலின் 1 லட்சம் வந்துவிடும். "இன்னைக்கு ஆறு கடை" என்று சொன்னால் சேல்ஸ்மேனுக்கு மதியம் ஒரு மணிக்கே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

ஏஜென்சியின் லாபத்தையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். 6 விழுக்காடு மார்ஜின் என்றால் மூன்று மாதத்தில் கிடைப்பது 30,834 ரூபாய். இரண்டு சேல்ஸ்மேன்களுக்கு மாதம் தலா 15,000 என்றால் மூன்று மாதச் சம்பளம் மட்டுமே 90,000. இந்த ஒரு கம்பெனியை நம்பி ஆள் வைக்க முடியாது. பிஸ்கட்டும் சோப்பும் சம்பளத்தைச் சுமப்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. மாவுக்கென்றே தனி ஆள் வேண்டும் என்று கம்பெனி கேட்டால், முதல் ஆறு மாதமாவது அந்தச் சம்பளத்தில் பங்கு தர வேண்டும் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

ஜூன் ஏன் தனிக் கணக்கு

ஏப்ரலைவிட மே கூடுதல், மேயைவிட ஜூன் கூடுதல் என்று எல்லா லைனுக்கும் ஒரே ஏணியைச் சாத்துவது ஆபீசில் எளிது. இந்த ஊருக்கு அது பொருந்தாது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அதே முதல் வாரத்தையொட்டித் தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. கரையோரத்தில் படகு இறங்காது, பணம் சுருங்கும், கடைகளில் பற்று எழுதுவது கூடும். உள்நாட்டிலும் மழை நாளில் ரப்பர் பால்வெட்டு தடைப்படும். ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது; காலை அவசரத்துக்குப் பாக்கெட் மாவு தேவைப்படும் வீடுகள் உள்நாட்டு லைன்களில் கூடும்.

ஆகவே ஜூன் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. உள்நாட்டு 9 லைனின் 270 கடையில் 70 விழுக்காடு, 189 கடை, தலா 1,100 ரூபாய்: 2,07,900. கரையோரத்து 90 கடையில் பாதி, 45 கடை, தலா 600 ரூபாய்: 27,000. கரையோர லைனில் ஜூனுக்கு வேறொரு டார்கெட் உண்டு. மே மாதம் கொடுத்த கடன் முழுவதும் மே 31க்குள் வசூலாக வேண்டும். ஜூனில் சின்னப் பாக்கெட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தடை முடியும்வரை ஒரு வாரம்கூட அந்த லைனுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. கஷ்ட மாதத்தில் ஒழுங்காக வந்த சேல்ஸ்மேனுக்குத்தான் ஆகஸ்டில் படகு இறங்கியதும் முதல் ஆர்டர்.

திணிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது

டார்கெட் கடையிலிருந்து வராமல் மேலிருந்து வந்தால், மாதக் கடைசியில் சரக்கைத் திணிப்பார்கள். இது புதுக்கடை அளவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் பெரிய மருந்துக் கம்பெனி பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப், காலாண்டு இலக்கைக் காட்டுவதற்காகத் தன் மொத்த வியாபாரிகளிடம் தேவைக்கு மேல் சரக்கை ஏற்றியது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் தொடுத்த வழக்கை 2004-ல் 15 கோடி டாலர் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. கிடங்கில் ஏறிய சரக்கும் வீட்டுக்குள் போன சரக்கும் ஒன்றல்ல.

நம் ஏஜென்சியில் இதைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளம் போதும். முதலாவது, பில் தேதி. மாத விற்பனையில் பாதிக்குமேல் கடைசி நாலைந்து நாளில் விழுந்திருந்தால் அது ஆர்டர் அல்ல, திணிப்பு. இரண்டாவது, பில்லின் அளவு. 144 கடையில் இரண்டு மொத்தக் கடைகள் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு எடுத்திருந்தால், அந்தச் சரக்கு நம் லைன் கடைகளுக்கே குறைந்த விலையில் போய், சேல்ஸ்மேனுக்குப் பின்னால் போட்டியாக நிற்கும். மூன்றாவது, பணம். பில் இருக்கிறது, இரண்டு வாரமாகக் கலெக்ஷன் இல்லை என்றால், "வச்சிட்டுப் போறேன், வித்தாக் குடுங்க" என்று சொல்லி இறக்கியிருப்பார்கள். நான்காவது, அலமாரி. ஏஜென்சிக்காரர் வாரம் ஒரு காலை, முன்கூட்டிச் சொல்லாமல் ஏதாவது ஒரு லைனில் பத்துக் கடை ஏறிப் பாக்கெட்டின் தேதியைப் பார்த்தால் போதும். ஏப்ரல் லோடின் பாக்கெட் ஜூனிலும் அதே இடத்தில் தூசியோடு இருந்தால் வேறு அறிக்கை எதுவும் தேவையில்லை.

இந்த நான்குக்கும் மாற்றாக ஒரு நல்ல எண் உண்டு: மறு ஆர்டர். ஏப்ரலில் வாங்கிய 144 கடையில் எத்தனை கடை மேயிலும் வாங்கின? 100க்கு மேல் இருந்தால் சரக்கு நகர்கிறது. 72-க்குக் கீழே, அதாவது பாதிக்கும் கீழே போனால் புதுக் கடை தேடுவதை நிறுத்திவிட்டு, வாங்காத கடைகளில் இருபதுக்கு நேரில் போய்க் காரணம் கேட்க வேண்டும். விலையா, எடையா, ருசியா, முதல் ஆர்டரே அதிகமா என்பது அங்கே தெரியும். காரணம் முதல் ஆர்டரின் அளவு என்றால் பயிற்சியைத் திருத்த வேண்டும். ருசி என்றால் கம்பெனியிடம் பேச வேண்டும்.

ஊக்கத்தொகையும் வசூலும்

சேல்ஸ்மேன் எதற்குக் காசு கிடைக்கிறதோ அதைச் செய்வார். ரூபாய் விற்பனைக்கு மட்டும் இன்சென்டிவ் கொடுத்துவிட்டு, "திணிக்காதே" என்று சொல்வது பயன் தராது. முதல் மூன்று மாதத்துக்கு மாதம் 2,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தால், அதில் 1,000 பில் ஆன கடைகளின் எண்ணிக்கைக்கு, 500 மறு ஆர்டருக்கு, 500 ரூபாய் டார்கெட்டுக்கு என்று பிரிக்கலாம். ரிட்டர்ன் அந்த மாத விற்பனையில் 2 விழுக்காட்டைத் தாண்டினால் கடைசி 500 இல்லை. வசூலான பில்லை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதற்கு மேல் போனால் சேல்ஸ்மேனுக்குத் தன் காசைத் தானே கணக்குப் போடத் தெரியாது.

கடனுக்கு ஒரே விதி: பில்லுக்குப் பில். போன வாரப் பில் பணம் வந்த பிறகே இந்த வாரப் பில். முதல் மூன்று மாதத்தில் இதை ஒரு கடைக்குத் தளர்த்தினால், அந்தச் செய்தி மறுநாளே பஜார் முழுதும் பரவிவிடும்.

வாராவாரம் ஒரு மணி நேரம்

சனிக்கிழமை மாலை கலெக்ஷன் எண்ணி முடித்ததும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எத்தனை கடை பில் ஆயிற்று, எத்தனை கடை திரும்ப வாங்கியது, என்ன புகார் வந்தது என்ற மூன்றும் கரும்பலகையில் வர வேண்டும். மீதி நேரம் ஒரு சரக்குப் பாடம். பயிற்சி முதல் வாரத்தோடு முடிவதில்லை. ஐந்தாம் வாரம் ஒருமுறை, ஒன்பதாம் வாரம் ஒருமுறை மூன்று கேள்வி கேட்க வேண்டும்: புட்டு கட்டியானால் என்ன சொல்வாய்? வாரம் 1 பாக்கெட் போகும் கடைக்கு எத்தனை எழுதுவாய்? குடோனில் எந்தப் பெட்டி முதலில் வெளியே போகும்? பதில் தடுமாறினால் அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும், சேல்ஸ்மேனைத் திட்டக் கூடாது.

13-ஆம் வாரக் கடைசியில் ஏஜென்சிக்காரரும் ஆபீசரும் ஒரே தாளை வைத்துப் பேச வேண்டும். ஜூனில் 234 கடை வாங்கியிருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை மூன்று மாதமும் வாங்கியவை, கடையில் பழைய தேதிச் சரக்கு இல்லை என்றால், விற்பனை 5 லட்சமே ஆனாலும் இந்த ஏஜென்சி தேறிவிட்டது. ஓணமும் தடை முடிந்த கடலும் வரும் அடுத்த காலாண்டுக்குத் துணிந்து டார்கெட்டை ஏற்றலாம். விற்பனை 9 லட்சம் ஆகியும் கடைகள் நூறுதான் என்றால், அந்தச் சரக்கில் பாதி இன்னும் விற்கவே இல்லை. புதிதாக ஏஜென்சி எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் ஒன்றைக் கேளுங்கள்: எங்கள் டார்கெட்டை எத்தனை கடையிலிருந்து கணக்குப் போட்டீர்கள்? பதில் கடை எண்ணிக்கையாக வராவிட்டால், முதலில் கடைகளை எண்ணிவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள்.